லீட் வருகிறது, போன் செய்தால் எடுப்பதில்லை: எங்கே ஓட்டை?

கேள்வி: "பேஸ்புக்ல லீட் ஃபார்ம் விளம்பரம் ஓடுது. தினமும் லீட் வருது. ஆனா கூப்பிட்டா பாதிப் பேர் எடுக்கறதில்லை. எடுக்கறவங்களும் 'நான் எதுவும் கேக்கலையே'ங்கறாங்க. ஃபார்மை நிறுத்திட்டு வெப்சைட்டுக்கே ஆளை அனுப்பலாமா?"

நிறுத்துவதற்கு முன்னால் ஒரு கணக்குப் பாருங்கள். லீட்களை CSV கோப்பாக இறக்கினால் `created_time` என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஃபார்ம் நிரப்பிய நேரம் அது. பக்கத்திலேயே, நீங்கள் முதலில் கூப்பிட்ட நேரத்தை எழுதுங்கள். `created_time` முடிவில் + அல்லது - போட்டு ஓர் எண் இருக்கும், அதையும் கவனியுங்கள். அந்த நேரம் உங்கள் ஊர் நேரமாக இல்லாமல் இருக்கலாம், மாற்றித்தான் கழிக்க வேண்டும்.

மாடுலர் கிச்சன் வேலை எடுக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு 9.40-க்கு ஒரு லீட் வருகிறது. திங்கள் காலை அலுவலகத்தில் யாரோ கோப்பை இறக்கி, வாட்ஸப் குரூப்பில் போட்டு, 11.30-க்குக் கூப்பிடுகிறார்கள். இடைவெளி 37 மணி 50 நிமிடம். இதில் விற்பனையாளரின் சோம்பல் எதுவும் இல்லை. லீட் அவர் கைக்கு வந்ததே திங்கட்கிழமைதான்.

இந்த ஃபார்மில் பெயர், போன் நம்பர் எல்லாம் ப்ரொஃபைலிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று முறை தட்டினால் முடிந்தது. உங்கள் நிறுவனத்தின் பெயரைக்கூட அவர் சரியாகப் படித்திருக்க மாட்டார். அதனால் "நான் எதுவும் கேக்கலையே" என்பவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதைத் தாண்டிக் கூப்பிட்டவர்களைவிட உருப்படியான பேச்சு அமைய ஏறக்குறைய 7 மடங்கு வாய்ப்பு இருந்ததாகச் சொன்னது. அது அமெரிக்க நிறுவனங்களைப் பற்றியது, ரீல்ஸ் வருவதற்கு முந்தைய காலம். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், போக்கு மட்டும் பொருந்தும்.

ஆகவே கோப்பு இறக்கும் வேலையை விடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களை நீங்கள் வைத்திருக்கும் சிஆர்எம் மென்பொருளுடன் ஃபார்மை நேராக இணையுங்கள். கைமுறையாக நம்பரை நகலெடுக்கும்போது இன்னொரு வம்பும் உண்டு: இறக்கிய கோப்பில் எண்ணுக்கு முன்னால் `p:` ஒட்டிக்கொண்டு வரும், அதோடு டயலரில் போட்டால் அழைப்பு போகாது. இணைத்ததும் மெட்டாவின் `Lead Ads Testing Tool`-இல் ஒரு சோதனை லீட் அனுப்பி, விற்பனையாளர் போனில் அறிவிப்பு வரும்வரை பாருங்கள். சிஆர்எம்மில் வந்தால் போதாது, போன் சத்தம் போட வேண்டும். இணைப்பைப் போட்டுக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போனாலோ, அவருடைய அனுமதி நீங்கினாலோ லீட் வருவது சத்தமில்லாமல் நின்றுவிடும். விளம்பரக் கணக்கு மட்டும் லீட் வந்ததாகக் காட்டிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை இரு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

அடுத்தது ஃபார்ம். அதில் `Higher intent` வகையைத் தேர்ந்தெடுத்தால், அனுப்புவதற்கு முன் விவரங்களைச் சரிபார்க்கும் ஒரு திரை கூடுதலாக வரும். லீட் எண்ணிக்கை குறையும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தானாக நிரம்பாத ஒரு கேள்வியும் வையுங்கள்: "வேலை எப்போது தொடங்க வேண்டும்?" நாலு பதில் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். ஒரு நொடி யோசித்துத் தொட்டதால் அது அவர் நினைவில் நிற்கும். உங்களுக்கும் பேச்சைத் தொடங்க ஒரு பிடி. "மாடுலர் கிச்சன் விஷயமா இப்பதான் ஃபார்ம் போட்டிருந்தீங்க, ரெண்டு மாசத்துல வேலை ஆரம்பிக்கணும்னு குறிச்சிருக்கீங்க" என்று எடுத்ததும் சொன்னால், யார் நீங்க என்று கேட்க மாட்டார்.

கடைசித் திரையில் வெறும் "நன்றி" போடாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எப்போது கூப்பிடுவீர்கள் என்று எழுதுங்கள். புது எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதே இல்லை என்பதால், கூப்பிடும் முன் அதே எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தியும் போகட்டும். எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே வேறு வேளையில் இன்னொரு முறை. காலையில் எடுக்காதவர் மாலையில் எடுக்கலாம். இரவு லீட்களுக்குத் தானியங்கிச் செய்தி போனாலும், காலையில் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட ஆளே இல்லையென்றால், சனி மாலையோடு விளம்பரத்தை நிறுத்திவைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, பத்து நிமிடத்தில் கூப்பிட்டும் "சும்மா விலை பார்த்தேன்" என்பவர்களே அதிகம் வந்தால், கோளாறு வேகத்தில் இல்லை. விளம்பரப் படத்தில் என்ன சொல்லி ஆள் இழுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். வெப்சைட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதை அப்போது யோசிக்கலாம்.