ஸ்பிரிங் வாஷர் போட்டும் போல்ட் தளர்வது ஏன்?

கேள்வி: கம்ப்ரசர் மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டில் நான்கு எம்10 போல்ட்டுகள், 8.8 தரம். ஸ்பிரிங் வாஷர் போட்டு நன்றாக முறுக்கியும் சில வாரங்களில் தளர்ந்து, ஒன்று முறிந்தேவிட்டது. இன்னும் பெரிய போல்ட் போட வேண்டுமா?

போல்ட்டின் அளவு இங்கே பெரும்பாலும் காரணமாக இருக்காது. பிராக்கெட்டின் பக்கவாட்டு விசையைப் போல்ட்டின் தண்டு தாங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைத் தாங்க வேண்டியது, போல்ட் இழுத்துப் பிடிப்பதால் இரு தகடுகளுக்கு இடையே உண்டாகும் உராய்வு. இறுக்கும்போது போல்ட் சற்றே நீண்டு, தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. அந்த இழுவிசைதான் முன்சுமை. 8.8 தர எம்10 போல்ட் நிரந்தரமாக நீளாமல் ஏறத்தாழ 33 கிலோ நியூட்டன் தாங்கும். அதில் முக்கால் பங்கு, அதாவது 25 கிலோ நியூட்டன், முன்சுமையாக இருப்பது வழக்கமான வடிவமைப்பு.

உங்கள் பிராக்கெட்டில் பக்கவாட்டு விசை 6 கிலோ நியூட்டன் என்றும் உராய்வுக் கெழு 0.15 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு போல்ட்டுகளிலும் முழு முன்சுமை இருந்தால் 4 × 25 × 0.15, அதாவது 15 கிலோ நியூட்டன் வரை பிராக்கெட் நகராது. ஒவ்வொன்றிலும் முன்சுமை 8 கிலோ நியூட்டனாகக் குறைந்துவிட்டால் அந்த எல்லை 4.8 ஆகிவிடும், பிராக்கெட் வழுக்கத் தொடங்கும். தளர்ச்சி தொடங்கும் இடம் இதுதான்.

அதிர்வால் போல்ட் கழலும் விதத்தை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காட்டினார். மரை என்பது தண்டைச் சுற்றிய ஒரு சாய்தளம். சாய்பலகையில் உராய்வால் நிற்கும் ஒரு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளி நகர்த்தினால், அது நகரும்போது கீழேயும் சரிந்துவிடும். ஏனெனில் உராய்வு விசை முழுவதும் பக்கவாட்டு நகர்வை எதிர்ப்பதில் செலவாகி, சரிவைத் தடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மரையிலும் தலையின் அடியிலும் ஒவ்வொரு வழுக்கலின்போதும் இதுவே நடக்கிறது, நட்டு கழலும் திசையில் சிறிது சிறிதாகச் சுழல்கிறது. அச்சுத் திசையில் வரும் அதிர்வைவிடப் பக்கவாட்டு அதிர்வு இதில் மிகக் கொடியது. ஸ்பிரிங் வாஷரோ முன்சுமையின் சிறு பகுதியிலேயே தட்டையாகிவிடுகிறது. அதன் பிறகு அது ஒரு சாதாரண வாஷர்தான்.

முறிவும் இதன் தொடர்ச்சியே. 33 கிலோ நியூட்டன் நிலையான சுமையைத் தாங்கும் அதே போல்ட், மரையின் அடிப்பள்ளத்தில் தகைவு குவிவதால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 3 கிலோ நியூட்டனுக்கு மேல் மாறும் சுமையை நீண்ட காலம் தாங்காது. தகடுகள் இறுகப் பிடித்திருக்கும் வரை, அவற்றைப் பிரிக்க வரும் விசையின் சிறு பங்கே போல்ட்டை எட்டும். தகடுகள் பிரிந்தாலோ வழுக்கினாலோ முழு விசையும், அதனுடன் வளைவும், போல்ட்டின் மேல் விழுகின்றன. முறிந்த துண்டு, நட்டுக்குள் செல்லும் முதல் மரையில் உடைந்து, முகத்தில் கடற்கரை அலைத்தடம் போன்ற வளைகோடுகள் தெரிந்தால் அது மாறி மாறி வரும் சுமையால் நேரும் களைப்பு முறிவு.

டார்க் ரெஞ்ச் முன்சுமையை நேரடியாக அளப்பதில்லை. T = K × d × F என்ற சூத்திரத்தில் T என்பது டார்க், அதாவது முறுக்குவிசை, d போல்ட்டின் விட்டம், F முன்சுமை, K உராய்வைப் பொறுத்த எண். உலர்ந்த மரைக்கு K சுமார் 0.2; எனவே 25 கிலோ நியூட்டனுக்கு 50 நியூட்டன் மீட்டர் வேண்டும். கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது, மீதி உராய்வில் போகிறது. எண்ணெய் தடவிய மரையில் K 0.15 ஆனால் அதே 50 நியூட்டன் மீட்டர் 33 கிலோ நியூட்டனாகி, போல்ட்டை அதன் எல்லைக்கே கொண்டுபோய்விடும். ஆகவே எண்ணெயா, உலர்வா என்பதைச் சொல்லாத டார்க் அளவை நான் நம்புவதில்லை.

குட்டையான போல்ட்டுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. போல்ட் அழுத்திப் பிடிக்கும் தகடுகளின் மொத்தத் தடிமனே பிடிநீளம். 40 மி.மீ. பிடிநீளமுள்ள எம்10 போல்ட் முழு முன்சுமையில் வெறும் 0.08 மி.மீ. அளவே நீளும், 10 மி.மீ. பிடிநீளமானால் 0.02 மி.மீ. தான். பெயின்ட்டும் மேற்பரப்பின் மேடுபள்ளங்களும் நசுங்கி 0.01 மி.மீ. அமுங்கினாலே, குட்டைப் போல்ட்டில் முன்சுமையில் பாதி வரை போய்விடும், நட்டு சிறிதும் சுழலாமலேயே. பிராக்கெட் மெல்லிய தகடாக இருந்தால், கடினமான குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, நீண்ட போல்ட் போடுவதே நான் முதலில் பரிந்துரைப்பது. தொடும் பரப்புகளில் பெயின்ட்டை நீக்குங்கள், தலையின் அடியில் கடினப்படுத்திய வாஷர் இடுங்கள். வழுக்கலை முற்றிலும் தவிர்க்க முடியாவிட்டால் ஆப்புப் பற்களுள்ள இணை வாஷரோ மரைப்பசையோ உதவும்.

இறுக்கியபின் நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் வழுக்கலால் சுழன்றிருக்கிறது. கோடு அப்படியே இருந்து, மறுபடி டார்க் வைக்கும்போது நட்டு எளிதில் திரும்பினால், பரப்புகள் அமுங்கியிருக்கின்றன. அதற்கு மறு இறுக்கம் போதும். தளர்ந்த நிலையில் ஓடிய மற்ற மூன்று போல்ட்டுகளிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியிருக்கலாம் என்பதால், நான்கையும் மாற்றிவிடுங்கள்.