"இயற்கை என்றுதானே போட்டிருக்கு?"

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன், ஐயா. இரண்டு மாதத்துக்கு முன் வவுனியாவில் ஒரு வியாபாரியிடம் 3.12 கரட் நீலக்கல் ஒன்றை நாலரை இலட்சத்துக்கு வாங்கினேன். "சூடாக்காத கல்" என்று பற்றுச்சீட்டிலும் எழுதித் தந்தார். கொழும்பில் பரிசோதித்தால், இயற்கைக் கல், ஆனால் சூடேற்றிய அடையாளம் உண்டு என்கிறது அறிக்கை. "இயற்கை என்றுதானே போட்டிருக்கு, பிறகென்ன?" என்கிறார் அவர். நிறமும் ஓரத்தில் வெளிறித் தெரிகிறது. காசு திரும்புமா?

பதில்: திரும்ப வாய்ப்பு உண்டு, கல்லை இன்னும் மோதிரத்தில் பதிக்காமல் இருந்தால்.

அறிக்கையில் 'இயற்கை' என்றால் கல் மண்ணில் விளைந்தது, ஆய்வுகூடத்தில் செய்ததல்ல என்பது மட்டுமே. பிறகு அதை உலையில் வைத்தார்களா என்பதைக் கருத்துரை வரிதான் சொல்லும். நீலக்கல்லுக்குள் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் இருக்கும். கடும் சூட்டில் அவை கரைந்து புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். நுண்ணோக்கியில் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். சூடேற்றிய கல் போலியல்ல, விற்பதும் குற்றமல்ல. ஆனால் ஒரே நிறத்தில் சூடாக்காத கல்லுக்கு விலை அதிகம். நீங்கள் கொடுத்தது அந்த விலை.

நிறத்தை வழக்கில் இழுக்காதீர்கள். கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் ஓரிடத்தில் திரண்டு மற்ற இடம் வெளிறியிருக்கலாம். இலங்கைக் கற்களில் இது சாதாரணம். பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்பார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி.

உங்கள் பலம் பற்றுச்சீட்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இங்கே தேவையில்லை. பொலிஸில் மோசடி முறைப்பாடு என்று போனால் அதை நிரூபிக்க வேண்டிவரும். அதனால் அந்தப் பக்கம் முதலில் போகச் சொல்லமாட்டேன்.

கல்லைப் பதித்தால் அதை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள். அப்புறம் கல்லைத் திருப்ப முடியாது, விலை வித்தியாசத்தை மட்டும் நட்டஈடாகக் கேட்கலாம். ஆகவே கல்லை ஏற்க மறுப்பதாக இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கான எழுத்து முறைப்பாட்டுக்கு விற்ற நாளிலிருந்து 3 மாதம்தான். இரண்டு மாதம் போய்விட்டது. எழுத்து ஒப்பந்தம் மீதான சிவில் வழக்குக்கு 6 வருடம் உண்டு, அவசரமில்லை.

"கல்லைத் தாங்கோ, நானே ஒருக்காப் பரிசோதிக்கிறன்" என்று அவர் கேட்கக்கூடும். சும்மா கொடுத்துவிடாதீர்கள். அறிக்கையிலுள்ள எடையும் அளவும் கல்லோடு சரியா என்று அவர் முன்னாலேயே பார்த்து, அறிக்கை எண்ணோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 3.12 கரட்டில் இன்னொரு நீலக்கல் கிடைப்பது அவருக்குக் கஷ்டமான காரியமல்ல.