பாதி இண்டர்வியூவில் "இது எனக்குச் சரிவராது" என்று சொல்லலாமா?

கேள்வி: போன வாரம் ஒரு இண்டர்வியூ. பாதியிலேயே இந்த வேலை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை இப்படி ஆனால் அங்கேயே சொல்லிவிடலாமா, மரியாதைக் குறைவாகிவிடுமா? (பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம் தம்பி. எப்படிச் சொல்வது என்பதற்கு, மதுரையில் ஒரு தனியார் வங்கிக்காக நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

'ரிலேஷன்ஷிப் ஆபீஸர்' வேலைக்கு ஒரு இளைஞர் வந்திருந்தார். பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு ஓடிக்கொண்டிருந்த கை, டாலி கணக்கு சாஃப்ட்வேரில் எதைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் வந்தது. அப்புறம் கிளை மேலாளர், "உங்களுக்குத் தெரிஞ்சவங்க நூறு பேரோட லிஸ்ட் எழுதச் சொன்னா எழுதுவீங்களா? முதல் மாசம் எத்தனை அக்கவுண்ட் திறக்கலாம்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது. முகம் மாறியது தெரிந்தது, ஆனால் உடனே எதையும் சொல்லிவிடவில்லை. "சார், பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கலாமா? இந்த வேலையில ஒரு நாள் எப்படிப் போகும்?" என்றார். மேலாளர் மறைக்காமல் சொன்னார்: காலையில் கிளையில் ஒரு மீட்டிங், பிறகு நாள் முழுக்கக் கடைத்தெரு, கரண்ட் அக்கவுண்ட், சேமிப்புக் கணக்கு, கூடவே இன்சூரன்ஸ், சாயங்காலம் வந்து எத்தனை முடிந்தது என்று ரிப்போர்ட். "கணக்கு வேலை, லோன் பேப்பர் எவ்வளவு இருக்கும் சார்?" "இருக்காதுப்பா, அதை ஆபரேஷன்ஸ்ல பார்த்துப்பாங்க."

இப்போதுதான் சொன்னார். "சார், உண்மையைச் சொல்லிடறேன். கஸ்டமரோட கணக்கு, லோன் பேப்பரெல்லாம் பார்க்கிற வேலைன்னு நினைச்சு வந்தேன். தெரியாதவங்ககிட்ட போய் விற்கிறது எனக்கு வராது, சேர்ந்தாலும் சீக்கிரமே விட்டுடுவேன், அது உங்களுக்கும் கஷ்டம். என் பேரை இத்தோட எடுத்துடுங்க. ஆபரேஷன்ஸ்ல இடம் வந்தா கூப்பிடுங்க, கண்டிப்பா வர்றேன்."

மேலாளர் கோபப்படவில்லை. விளம்பரத்தில் எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டார், இவர் செல்போனில் எடுத்துக் காட்டினார். அடுத்த விளம்பரத்தில் 'வெளியே சென்று விற்பனை' என்று தெளிவாகவே போட்டார்கள். ஆபரேஷன்ஸில் அப்போது இடமில்லை, அதனால் அவருக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டார்' என்று எழுதாமல், 'தானே விலகினார், ஆபரேஷன்ஸுக்குப் பொருத்தம்' என்று எழுதினோம். எங்களுக்கு உண்மையிலேயே சிரமம் கொடுப்பவர் வேறு ஆள். சரி சரி என்று ஆஃபரை வாங்கிக்கொண்டு சேரும் நாளன்று போனை அணைத்துவிடுபவர். அதற்குள் மற்றவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்போம், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவர் கேட்ட அந்த 'ஒரு நாள் எப்படிப் போகும்' என்ற கேள்விதான் இதில் முக்கியம். பதற்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டாலே இந்த வேலை வேண்டாம் என்று தோன்றும், அதை நம்பி எழுந்து வந்துவிடக் கூடாது. அன்றாட வேலையைக் கேட்ட பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் அது பதற்றம் இல்லை. கடினமாக இருக்கும், ஆனால் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றினால் இண்டர்வியூவை முடித்துவிட்டு இரண்டு நாள் யோசியுங்கள். வீட்டில் கடன் நெருக்குகிறது, இப்போதைக்கு எந்தச் சம்பளமும் தேவை என்றாலும் அப்படித்தான், அங்கேயே கதவைச் சாத்த வேண்டாம்.

சொல்வதாக இருந்தால் சம்பளப் பேச்சுக்கு முன்பே சொல்லுங்கள். பிறகு சொன்னால் பேரம் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கம்பெனியையும் கேள்வி கேட்டவரையும் குறை சொல்ல வேண்டாம், வேலை எனக்குப் பொருந்தவில்லை என்பதோடு நிறுத்துங்கள். கல்லூரி பிளேஸ்மென்ட் மூலம் போயிருந்தால் மட்டும் முன்கூட்டியே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் விலகினால் அடுத்த கம்பெனிகளுக்கு உட்கார விடாத கல்லூரிகள் உண்டு. கன்சல்டன்சி அனுப்பியிருந்தால் வெளியே வந்ததும் அவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். நீங்கள் சேர்ந்து சில மாதத்தில் விட்டுவிட்டால் பல இடங்களில் அவர்கள் காசு வாங்காமல் வேறு ஆள் தர வேண்டியிருக்கும், அதனால் இப்போதே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லதுதான்.

போன வாரம் தலையாட்டிவிட்டு வந்தீர்களே, அவர்களிடமிருந்து ஆஃபர் வருவதற்குள் இன்றைக்கே நான்கு வரி மெயில் போட்டுவிடுங்கள். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, யோசித்துப் பார்த்ததில் இந்த வேலை எனக்குப் பொருந்தாது, என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், இன்ன மாதிரி வேலை இருந்தால் சொல்லுங்கள். இது போதும்.