148-க்கு மாத்திரை இல்லை, 134-க்கு இரண்டு மாத்திரை: ஏன்?

"நாங்கள் ஆக்லாந்தில் வசிக்கிறோம். எனக்கு 42 வயது, பிபி 148, வேறு எந்த நோயும் இல்லை. டாக்டர் மாத்திரை தரவில்லை. என் மாமாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு, சிகரெட் பிடிப்பார், பிபி 134 தான். அவருக்கு பிபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எழுதிவிட்டார். இது எப்படிச் சரி?"

உங்கள் மருத்துவர் பார்த்தது பிபி எண்ணை மட்டும் அல்ல. அடுத்த 5 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதை. வயது, பாலினம், புகைப்பழக்கம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்து அந்த வாய்ப்பு கணக்கிடப்படுகிறது. நியூசிலாந்து 1993-லேயே இந்த வழிக்கு மாறத் தொடங்கியது. இப்போதைய சூத்திரத்தில் இந்திய வம்சாவளி என்பதும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்களைப் போன்றோருக்கு வாய்ப்பு 2 சதவீதம் என்றும், மாமாவைப் போன்றோருக்கு 16 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இந்த விகிதம் இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் உங்களைப் போன்ற 1000 பேருக்கு 5 ஆண்டுகள் மாத்திரை கொடுத்தால், வரவிருந்த 20 நிகழ்வுகளில் 4 தவிர்க்கப்படும். மாமாவைப் போன்ற 1000 பேரில் 160-இல் 32 தவிர்க்கப்படும். தலைசுற்றலும் கால்வீக்கமும் போன்ற பக்கவிளைவுகளோ இரு குழுவிலும் வரக்கூடியவை. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் இதே தர்க்கம்தான். மாமாவின் கொலஸ்ட்ரால் "நார்மல்" என்று அறிக்கையில் இருந்திருந்தாலும் அவருக்கு அதனால் பயன் உண்டு.

இந்நாட்டின் 2018 வழிகாட்டுதல்படி 15 சதவீதத்துக்கு மேல் மருந்து உறுதியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 5 முதல் 15 வரை நோயாளியுடன் பேசி முடிவெடுக்கிறார்கள். அதற்குக் கீழே உணவும் நடையும் முதலில். ஆனால் அழுத்தம் 160/100-ஐத் தொட்டால் மொத்த ஆபத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருந்து பரிந்துரைக்கப்படும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இந்த வாய்ப்புக் கணக்கே தேவையில்லை.

இந்த முறையின் பலவீனம், அதில் வயதுக்கு மிக அதிக எடை கிடைப்பதுதான். 42 வயதில் 5 ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் சிறியதாகவே தெரியும். 148 என்ற அழுத்தம் 20 ஆண்டுகள் நீடித்தால் இரத்தக் குழாய்க்கு என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது. எனவே உங்களுக்கு "மாத்திரை வேண்டாம்" என்பது "இப்போதைக்கு வேண்டாம்" என்றே பொருள்படும். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்துக்கொண்டு போனால், 148 உண்மையான அளவா, மருத்துவமனைப் பதற்றமா என்பதும் தெரிந்துவிடும்.

மாமா தரப்பில் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு: ஓராண்டில் பிபி 122-க்கு இறங்கியதும், "சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த 122 மாத்திரை தந்தது; வயதும் சர்க்கரையும் சிகரெட்டும் அப்படியே இருக்கின்றன.