மெயில் தொடரைச் சுத்தம் செய்வது: வெட்டுவதற்கு முன் ஒப்பிட வேண்டும்

கேள்வி: "ஒரு ஆர்டர் பற்றிய மெயில் தொடர் முழுவதையும் ஒவ்வொன்றாக காப்பி செய்து ஒரே ஃபைலில் பேஸ்ட் செய்து வைத்திருக்கிறேன். பாதிப்பேர் அவுட்லுக், பாதிப்பேர் ஜிமெயில். ஒரே பதில் பத்து இடத்தில் வருகிறது, நடுநடுவே சிக்னேச்சர், கீழே டிஸ்கிளைமர். ஒவ்வொருவரும் புதிதாகச் சொன்னது மட்டும் வேண்டும். எதுவும் விட்டுப்போகாமல் எப்படி எடுப்பது?"

முதலில் ஒரு கணக்கு. ஒவ்வொரு ரிப்ளையும் தனக்கு முந்தைய மெயில்கள் அத்தனையையும் வாலாக இழுத்துக்கொண்டு வரும். 5 மெயிலை பேஸ்ட் செய்தால் ஃபைலில் 5+4+3+2+1, அதாவது 15 பிரதிகள் இருக்கும். 14 மெயில் என்றால் 105 பிரதிகள், அதில் 91 வெறும் நகல். அப்படியென்றால் கடைசி மெயிலை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமே என்று தோன்றும். தொடர் ஒரே கோடாகப் போயிருந்தால் போதும்தான். ஆனால் யாராவது ஒருவர் கடைசி மெயிலுக்குப் பதில் போடாமல், இரண்டு படி முன்னால் வந்த மெயிலைத் திறந்து அதற்கு ரிப்ளை செய்திருந்தால் தொடர் அங்கே கிளை பிரிந்துவிடும். அந்த மெயில் கடைசி மெயிலின் வாலில் எங்கேயும் இருக்காது.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். ஒரு கல்லூரி 500 டி-ஷர்ட்டுக்கு விலை கேட்கிறது (மெயில் 1). தையல் நிறுவனம் ஒன்றுக்கு ₹210 என்று சொல்லிவிட்டு நான்கு கேள்விகளை எண் போட்டுக் கேட்கிறது (மெயில் 2). கல்லூரிக்காரர் அந்தக் கேள்விகளுக்கு நடுவிலேயே பதில் எழுதி அனுப்புகிறார் (மெயில் 3). வடிவமைப்பாளர் மெயில் 3-ஐப் பார்க்காமல் மெயில் 2-க்கு ரிப்ளை செய்து, லோகோ அகலம் 8 செ.மீ. என்கிறார் (மெயில் 4). தையல் நிறுவனம் மெயில் 3-க்கு ரிப்ளை செய்து ₹205-க்கு முடிக்கிறது (மெயில் 5). மெயில் 5-ஐ மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த 8 செ.மீ. தெரியவே தெரியாது.

ஆகவே அழிப்பதற்கு முன் எல்லைகளைக் கண்டுபிடியுங்கள். மூலப் பிரதியைத் தொடாமல் தனியே சேமித்துவிட்டு, இன்னொரு பிரதியில் மெயில்களைப் பழையதிலிருந்து புதியது என்ற வரிசையில் அடுக்குங்கள். இந்த வரிசை முக்கியம், காரணம் பின்னால் வருகிறது. நோட்பேட்++ அல்லது விஎஸ் கோடில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலை இயக்கி இதைத் தேடினால் பெரும்பாலான எல்லைகள் சிக்கும்:

```
^[> ]*\*?From:|wrote:\s*$|Original Message|Forwarded message
```

அவுட்லுக் `From:`, `Sent:`, `To:`, `Subject:` என்று நான்கைந்து வரி போடும். ஜிமெயில் `On ... wrote:` என்று ஒரே வாக்கியமாகப் போடும். ஆனால் அது நீளமாக இருந்தால் `wrote:` அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதனால்தான் `On`-ஐத் தேடாமல் வரியின் முடிவில் வரும் `wrote:`-ஐத் தேடுகிறோம். யாராவது மெயில் செயலியைத் தமிழிலோ வேறு மொழியிலோ வைத்திருந்தால் இந்த வரியும் அந்த மொழியில் வரும், அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். `Forwarded message` வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஃபார்வர்டில் கீழே இருப்பதுதான் சரக்கு. அது தொடரில் வேறு எங்கேயும் இல்லாத மெயிலாக இருக்கலாம்.

எல்லை வரியில் உள்ள நேரத்தை வைத்து இரண்டும் ஒரே மெயிலா என்று முடிவு செய்யாதீர்கள். அந்த நேரம் பதில் எழுதியவரின் கணினி நேரப்படி எழுதப்படும். இங்கே காலை 10:12-க்குப் போன மெயில், யுடிசி நேரத்தில் வைத்திருக்கும் கணினியின் ரிப்ளையில் 04:42 என்று நிற்கும். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது நகல்களுக்கு வருவோம். `>` இருக்கும் வரிகளை எல்லாம் ஒரே அடியாக அழித்துவிடுவதுதான் பலரும் செய்வது, அதிகச் சேதம் விளைவிப்பதும் அதுதான். மெயில் 3-ஐப் பாருங்கள்:

```
> 3. லோகோ முன்பக்கமா, பின்பக்கமா?
முன்பக்கம் மட்டும்
> 4. எம் சைஸ் 200 போதுமா?
இல்லை, 240
```

`>` வரிகளை அழித்தால் மிஞ்சுவது "முன்பக்கம் மட்டும்", "இல்லை, 240". எதற்கு இல்லை, எது 240 என்று யாருக்கும் தெரியாது. நடுவில் எழுதிய பதிலுக்கு மேலே உள்ள கேள்வி நகலாகவே இருந்தாலும் அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அவுட்லுக்கில் இது இன்னும் மோசம். அங்கே `>` இருக்காது, பதிலைச் சிவப்பிலோ நீலத்திலோ எழுதுவார்கள். "பதில்கள் கீழே சிவப்பில்" என்ற மாதிரி ஒரு வரியைப் பார்த்தால், அந்த மெயிலை வெற்று உரையாக பேஸ்ட் செய்த கணமே நிறம் போய், கேள்வியும் பதிலும் ஒரே குரலாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மெயிலை மட்டும் மறுபடி வேர்டில் நிறத்தோடு பேஸ்ட் செய்து, நிறமுள்ள ஒவ்வொரு வரியின் முன்னும் ">> பதில்:" என்று ஏதாவது கையால் போட்டுவிட்டு அப்புறம் வெற்று உரைக்கு மாற்றுங்கள்.

ஆகவே விதி இதுதான்: ஒரு பத்தியை அழிக்க வேண்டுமென்றால் அதே பத்தி மேலே ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். கண்ணால் ஒப்பிட்டால் அலுத்துவிடும். நேரடியாகத் தேடினாலும் பொருந்தாது. மேற்கோளாகும்போது வரி வேறு இடத்தில் உடையும், சாதாரண இடைவெளி உடையாத இடைவெளியாக மாறும். தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. "ொ" என்பது ஒரே குறியாகவும் இருக்கலாம், "ெ" + "ா" என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. அடுக்கிய பிரதியை `chain.txt` என்ற பெயரில் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். இதையெல்லாம் சமன் செய்துவிட்டு ஒப்பிடும் சின்ன பைத்தான் நிரல்:

```python
import re, unicodedata

def key(p):
    p = re.sub(r"(?m)^[> \t]+", "", p)
    p = unicodedata.normalize("NFC", p)
    p = re.sub(r"[\u200b-\u200d\ufeff]", "", p)
    return re.sub(r"\s+", " ", p).strip()

raw = open("chain.txt", encoding="utf-8").read()
seen = set()
for p in re.split(r"\n[>\s]*\n", raw):
    k = key(p)
    dup = len(k) >= 40 and k in seen
    seen.add(k)
    print("## " + p if dup else p, end="\n\n")
```

இது எதையும் அழிக்காது. மேலே ஒருமுறை வந்துவிட்ட பத்தியின் முன் `##` போடும், அவ்வளவுதான். பழைய மெயில் முதலில் இருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். அப்போதுதான் சொன்னவரின் பெயருக்குக் கீழே உள்ள அசல் நிற்கும், பிறர் வாலில் உள்ள நகலுக்குக் குறி விழும். 40 எழுத்துக்குக் குறைவான பத்திகளை விட்டுவிடுகிறோம். "சரி, அனுப்புங்கள்" என்று இருவர் வெவ்வேறு நாளில் சொன்னால் அது நகல் இல்லை, இரண்டு ஒப்புதல். அதனால் "நன்றி", "வணக்கம்" போன்றவை மிஞ்சும், கையால் எடுத்துவிடலாம்.

மெயில் 3-இன் நடுப்பதில்களை இந்த நிரல் என்ன செய்யும்? கேள்விக்கும் பதிலுக்கும் இடையே வெற்று வரி இல்லாததால் அவை ஒரே பத்தியாகிவிடும். மெயில் 2-இல் உள்ள பத்தியோடு பொருந்தாது, குறி விழாது, கேள்வியும் பதிலும் சேர்ந்தே தப்பிக்கும். ஆனால் வெற்று வரி விட்டு எழுதியிருந்தால் நீளமான கேள்விக்குக் குறி விழுந்து பதில் தனியாக நிற்கும். ஆகவே `##` போட்ட பத்திக்கு அடுத்து குறியில்லாத சின்ன பத்தி வந்தால் அந்த இரண்டையும் படித்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

குறி விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவதும் பயனுள்ள தகவல்தான். மெயில் 2-இல் ஒரு நீளமான பத்திக்குள் "₹210, போக்குவரத்து உட்பட" என்று இருந்தது, மெயில் 5-இன் வாலில் அதே பத்தி குறியில்லாமல் நிற்கிறது என்று வையுங்கள். வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். இடையில் ஒருவர் மேற்கோளுக்குள்ளேயே "உட்பட"வை "தனி" என்று திருத்தியிருக்கலாம். மேற்கோள் பூட்டிய பெட்டி இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே தட்டச்சு செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு வாலை வெட்டுபவர்கள் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சிக்னேச்சர் எளிது. முறைப்படி அது `-- ` என்ற வரியில் தொடங்க வேண்டும், இரண்டு கோடு, ஒரு இடைவெளி. பேஸ்ட் செய்யும்போது அந்த இடைவெளி உதிர்ந்துவிடும். அவுட்லுக்கில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. ஒரே அனுப்புநரின் மெயில் முடிவில் திரும்பத் திரும்ப வரும் தொகுதி எதுவோ அதுதான் சிக்னேச்சர். அதற்குப் பெரும்பாலும் தானாகவே `##` விழுந்திருக்கும். முதல் பிரதியை விட்டுவையுங்கள், பதவியும் தொலைபேசியும் பின்னால் தேவைப்படலாம். `Sent from my iPhone`, `Get Outlook for Android` போன்றவற்றைத் தேடி அழிக்கலாம். `[cid:image001.png@...]` என்று வந்தால் மட்டும் நிதானம். அது நிறுவன லோகோவாகவும் இருக்கும், யாரோ ஒட்டிய அளவுப் படமாகவும் இருக்கும், அவுட்லுக் இரண்டுக்கும் ஒரே பாணியில்தான் பெயர் வைக்கும். எல்லா மெயிலிலும் ஒரே இடத்தில் இருந்தால் லோகோ. ஒரே ஒரு மெயிலில் மட்டும் இருந்தால் மூல மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, படத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சிக்னேச்சருக்குக் கீழே "பி.கு." எழுதுபவர்களும் உண்டு. அதனால் சிக்னேச்சர் தொடங்கிய இடத்திலிருந்து கடைசி வரை என்று மொத்தமாக வெட்ட வேண்டாம்.

டிஸ்கிளைமரை எழுதியவர் சேர்ப்பதில்லை, பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வர் சேர்க்கிறது. அது புதிய பதிலின் முடிவு எங்கே என்று பார்க்காமல் மொத்த மெயிலின் அடியில் ஒட்டும். அதனால்தான் நீண்ட தொடரின் கடைசியில் நான்கைந்து டிஸ்கிளைமர் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். முதல் மெயிலுக்குக் கீழே இருப்பதால் அது முதல் மெயில்காரருடையது என்று நினைத்துவிடக் கூடாது. "வெளியிலிருந்து வந்த மெயில், லிங்கைச் சொடுக்காதீர்" என்ற எச்சரிக்கை இதற்கு நேர்மாறாக மெயிலின் தலையில் உட்காரும், ரிப்ளை செய்தால் மேற்கோளுக்குள்ளும் போகும். அது அடுத்த பத்தியோடு வெற்று வரி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் நிரலின் ஒப்பீடு தவறிவிடும். ஆகவே இந்த ஒரு வரியை மட்டும் நிரலை ஓட்டுவதற்கு முன்பே தேடி நீக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு வகை டிஸ்கிளைமரையும் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு அழியுங்கள். "இந்த விலை 30 நாட்களுக்கு மட்டும்", "ஜிஎஸ்டி தனி" போன்ற நிபந்தனைகளை அதே சின்ன எழுத்தில், அதே இடத்தில் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அது டிஸ்கிளைமர் இல்லை, ஆர்டரின் ஒரு பகுதி.

குறியிட்டதை எல்லாம் நீக்கியபின் ஒரு சரிபார்ப்பு. மூலப் பிரதியில் `\d+` என்று தேடி, வரும் ஒவ்வொரு தொகையும் அளவும் தேதியும் சுத்தமான பிரதியில் ஒருமுறையாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம் உதாரணத்தில் 500, 210, 200, 240, 8, 205 ஆறும் இருக்க வேண்டும். 8 இல்லையென்றால் மெயில் 4-ஐத் தொலைத்துவிட்டீர்கள்.

தொடர் உங்கள் சொந்த ஜிமெயிலிலேயே இருந்தால், பேஸ்ட் செய்வதற்கு முன் `Print all` கொடுத்துப் பாருங்கள். அச்சுப் பக்கத்தில் மேற்கோள் வால்களை மறைத்து `[Quoted text hidden]` என்று காட்டும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அவுட்லுக்கிலிருந்து வந்த வால் சில சமயம் அதற்குத் தப்பிவிடும். அந்த மெயில்களுக்கு மட்டும் மேலே சொன்ன ஒப்பீட்டைச் செய்தால் போதும்.