நிறத்தைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒரே பருத்தி டி-ஷர்ட்டை எட்டு நிறங்களில் தைக்கிறோம். சாயமேற்றிய துணி வாங்கித் தைத்து முடிக்க ஐந்து வாரம் ஆகிறது. ஆனால் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுத்தால் பத்து நாளுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். ஒரு நிறம் குவிந்து கிடக்க, இன்னொன்று தீர்ந்துபோகிறது. வெள்ளையாகத் தைத்து வைத்து, ஆர்டர் வந்தபின் சாயமேற்றினால் சரிப்படுமா?

பதில்: சரிப்படும், ஆனால் எட்டு நிறத்துக்கும் அல்ல. கறுப்பும் வெள்ளையும் வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் போகின்றன என்றால் அவற்றை இப்போது செய்கிறபடியே செய்யுங்கள். தைத்த ஆடைக்குச் சாயமேற்ற ஒரு பீஸுக்கு ஆகும் செலவு, துணியாகச் சாயமேற்றுவதைவிடப் பெரும்பாலும் கூடுதல். எவ்வளவு போகும் என்று தெரிந்த நிறத்துக்கு அந்தச் செலவு வீண். கணிக்க முடியாத மற்ற ஆறு நிறங்களுக்குத்தான் இந்த வழி.

மீடியம் அளவை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வாரத்தில் ஒவ்வொரு நிறமும் சராசரியாக 200 பீஸ் போகிறது, அது 80 கூடலாம் அல்லது குறையலாம் என்று வைத்துக்கொள்வோம். நிறம் நிறமாகச் சரக்கு வைத்தால், தட்டுப்பாடு வராமலிருக்க ஒவ்வொன்றிலும் 80 கூடுதலாக வேண்டும். ஆறுக்கும் சேர்த்து 480. வெள்ளையாக ஒரே குவியலில் வைத்தாலோ, ஒரு நிறம் கூடும்போது இன்னொன்று குறைந்து ஈடுகட்டிவிடும். அப்போது கூடுதலாகத் தேவைப்படுவது 80 × √6, அதாவது சுமார் 196 தான். சராசரி விற்பனைக்கான 1,200 பீஸ் எப்படியும் வேண்டும், அது குறையாது.

இந்தக் கணக்கு நிறங்கள் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கினால்தான் பலிக்கும். சந்தை மந்தமாகி ஆறும் ஒன்றாக விழுந்தால் வெள்ளைக் குவியலும் அப்படியேதான் நிற்கும். அளவும் தள்ளிப்போகாது, வெட்டும் மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. ஸ்மால் தேங்கி எக்ஸ்எல் தீர்ந்துபோவதுதான் உங்கள் உண்மையான தலைவலி என்றால் இந்த வழி உதவாது. பழைய விற்பனைக் கணக்கை எடுத்து முதலில் அதைப் பாருங்கள்.

இத்தாலியின் பெனெட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களைச் சாயமேற்றாத நூலில் பின்னி வைத்து, எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்தபின் சாயமேற்றியது. அதைப் படித்துவிட்டு, வெள்ளையாகத் தைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் அப்படி நினைத்து முந்நூறு பீஸைக் கருநீலத்தில் போட்டோம். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பாலியெஸ்டர் நூலில் தைத்திருந்தோம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் அதில் ஏறாது. பருத்தி நூலில்தான் தைக்க வேண்டும். கழுத்து லேபிளைத் தைத்த நூலையும் மறந்துவிடாதீர்கள், அன்று எங்களுக்கு அதுவும் பல்லைக் காட்டியது.

துணியை நன்றாகக் கொதிக்கவைத்து வெளுத்திருக்க வேண்டும், ஆனால் வெண்மையைக் கூட்டும் ஒளிர்ப்பான் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வெளிர் நிறங்களின் ஷேட் மாறிவிடும். எண்ணெய்க் கறை வெள்ளையில் கண்ணுக்குப் படாமல் இருந்துவிட்டு, சாயத்துக்குப் பிறகு திட்டாக எழும். உடலும் கழுத்து ரிப்பும் வேறு வேறு நூல் லாட்டிலிருந்து வந்தால், ஒரே தொட்டியில் முக்கினாலும் இரண்டு ஷேடாக நிற்கும். அதனால் நூல் லாட் எண்ணை ஒவ்வொரு கட்டிலும் எழுதி வையுங்கள்.

அப்புறம் சுருக்கம். சுடுநீரில் சாயமேறி உலரும்போது ஆடை சுருங்கும், நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாக அல்ல. 30 பீஸ் தைத்து, அளந்து, பாதியை வெளிர் நிறத்திலும் பாதியைக் கருநிறத்திலும் போட்டு எடுத்து மீண்டும் அளங்கள். நீளம் 75 சென்டிமீட்டரிலிருந்து 70.5 ஆனால் சுருக்கம் 6 சதவீதம். முடிந்தபின் 75 நிற்க வேண்டுமானால் 75-ஐ 0.94-ஆல் வகுத்து, ஏறக்குறைய 80-க்கு வெட்ட வேண்டும். ஆறு சதவீதத்தை அப்படியே கூட்டினால் 79.5 தான் வரும், சுருங்கி முடிந்தபின் சுமார் கால் சென்டிமீட்டர் குறையும். புதிய நூல் லாட் வந்தால் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இனி சாயப்பட்டறையைக் கேளுங்கள். ஒரு டி-ஷர்ட் 150 கிராம் என்றால் 50 கிலோ இயந்திரம் நிரம்ப 330 பீஸுக்கு மேல் வேண்டும். உங்களுக்கு வருவதோ நாற்பது பீஸ் மெரூன் ஆர்டராக இருக்கும். பத்து கிலோ இயந்திரம் உள்ள பட்டறை என்றால் 65 பீஸ் சேர்ந்ததும் போட்டுவிடலாம். பீஸ் சேர நான்கு நாள், சாயத்துக்கும் உலர்த்தலுக்கும் இரண்டு நாள், இஸ்திரிக்கும் பேக்கிங்குக்கும் ஒரு நாள். பத்து நாளில் மூன்று நாள் கையில் நிற்கும், ஷேட் தப்பினால் ஒரு தடவை திருப்பிப் போட அதுதான் இடம்.