ரிட்டயர் ஆனபின் தன்னார்வ வேலை: வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

"அப்பா ரிட்டயர் ஆகி 6 மாசம் ஆச்சு. ஏதாவது சேவை செய்தால் உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா? எவ்வளவு நேரம் செய்யணும்?"

வாரத்துக்கு 2 மணி நேரம் போதும். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய சுமார் 13,000 பேரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில், வருஷத்துக்கு 100 மணி நேரமோ அதற்கு மேலோ தன்னார்வ வேலை செய்தவர்கள் அடுத்த 4 வருஷத்தில் இறந்துபோகும் வாய்ப்பு குறைவாக இருந்தது, நடமாட்டச் சிரமமும் தனிமை உணர்வும்கூடக் குறைவு. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி இதிலெல்லாம் வித்தியாசம் தெரியவில்லை, அதனால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சரி, தெம்பாக இருப்பவர்தானே வேலைக்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். அதற்காகத்தான் பால்டிமோர் நகரில் 60 வயதுக்கு மேற்பட்ட 702 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரத்துக்கு 15 மணி நேரம் ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர. இரண்டு வருஷம் கழித்துச் சிலருக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பள்ளிக்குப் போன ஆண்களிடம் வயதோடு சுருங்க வேண்டிய, நினைவாற்றலுக்கான பகுதி சுருங்கவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது.

அப்பாவுக்கு என்றால், கிழமையும் நேரமும் முடிவான, அவர் வராவிட்டால் யாராவது தேடுகிற வேலையாகப் பாருங்கள்.